அழைப்பிதழைக் கிழிக்கலாம், மண்டபத்து நாற்காலியைத் தூக்கக் கூடாது: கூகுள் டிரைவில் பிறர் பகிர்ந்த கோப்புகளை நீக்குதல்

எங்கள் குடியிருப்பின் இரண்டாம் மாடி மாமா வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இப்போது குடியிருப்போர் சங்கத்தின் செயலர். மேசையில் ஒரு காகிதம் கோணலாகக் கிடந்தாலும் அவருக்குப் பொறுக்காது. ஒரு ஞாயிறு காலை அவர் தம் கூகுள் டிரைவைத் திறந்து, பிறர் பகிர்ந்தவை வந்து குவியும் `Shared with me` பக்கத்தைப் பார்த்திருக்கிறார். யார் யாரோ அனுப்பிய கல்யாணப் படங்கள், எப்போதோ போய் வந்த சுற்றுலாவின் செலவுப் பட்டியல், போன ஆண்டின் சங்கக் கணக்கு. வேண்டாததை எல்லாம் தேர்ந்தெடுத்து நீக்கிவிட்டுக் காப்பி குடிக்கப் போனார். பதினோரு மணிக்குப் பொருளாளரிடமிருந்து தொலைபேசி. "சார், கணக்குக் கோப்புறை காலியாக இருக்கிறதே?"

"நான் என் பக்கத்தைத்தானே தம்பி சுத்தம் செய்தேன்? அவருடையது எப்படிப் போகும்?" என்று மாமா என்னிடம் வந்து கேட்டார். நியாயமான கேள்விதான். கல்யாணப் படங்களையும் அவர் அன்றைக்குத்தான் நீக்கினார். அவற்றுக்கு ஒரு சேதமும் இல்லை, மணமகனின் கணக்கில் பத்திரமாக இருந்தன. சங்கக் கணக்கு மட்டும் கலைந்துபோனது. இரண்டுக்கும் நடுவே இருந்த வித்தியாசம், கோப்புறையின் மேல் அவர் செய்த ஒரே ஒரு இரட்டைச் சொடுக்கு. கல்யாணப் படக் கோப்புறையை வெளியில் இருந்தபடியே நீக்கினார். கணக்குக் கோப்புறையை மட்டும், உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்போமே என்று திறந்தார். திறந்த இடத்திலேயே நீக்கினார்.

உங்களிடம் இருப்பது என்ன?

ஒருவர் ஒரு கோப்பை உங்களுடன் பகிரும்போது அதன் பிரதி எதுவும் உங்கள் கணக்குக்கு வருவதில்லை. கோப்பு ஒன்றுதான், அது உரிமையாளரின் இடத்தில் இருக்கிறது. உங்களுக்கு வருவது அதைத் திறக்கும் அனுமதியும், `Shared with me` பட்டியலில் ஒரு வரியும். கல்யாண அழைப்பிதழ் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அழைப்பிதழைக் கிழித்து எறிந்தால் கல்யாணம் நின்றுவிடாது, மண்டபத்துக்கும் ஒன்றும் ஆகாது. ஆனால் அழைப்பிதழைக் காட்டி மண்டபத்துக்குள் போய், "எனக்கு இந்த நாற்காலி தேவையில்லை" என்று ஒன்றைத் தூக்கி வெளியே வைத்தால், அது எல்லாருக்கும்தான் இல்லாமல் போகும். மாமா செய்தது இரண்டாவது.

இதிலிருந்து இன்னொன்றும் புரியும். பிறர் பகிர்ந்த கோப்புகள் உங்கள் சேமிப்பிடத்தைத் தின்பதில்லை. கூகுள் இலவசமாகத் தரும் 15 ஜிபி இடம் டிரைவ், ஜிமெயில், கூகுள் போட்டோஸ் மூன்றுக்கும் சேர்த்து. அதில் உங்களுக்கு உரிமையான கோப்புகளே கணக்கில் வரும். இடம் நிரம்பிவிட்டது என்ற எச்சரிக்கையைப் பார்த்துவிட்டு `Shared with me` பக்கத்தில் போய் நூறு கோப்புகளை நீக்கினாலும் ஒரு கேபி கூடக் குறையாது. இடம்தான் பிரச்சினை என்றால் `drive.google.com/drive/quota` என்ற முகவரிக்குப் போங்கள். உங்கள் கோப்புகள் பெரியதிலிருந்து சிறியதாக வரிசைப்படுத்தி இருக்கும். பகிர்ந்தவற்றை நீக்குவதற்கு ஒரே நியாயமான காரணம், பட்டியல் நெரிசல் குறைந்து தேடுவது கைக்கு அகப்பட வேண்டும் என்பதுதான்.

பாதுகாப்பான வழி

முதலில் கணினியில் செய்யும் முறை. தொலைபேசியிலும் செய்யலாம், ஆனால் பழகும்வரை பெரிய திரை நல்லது. உரிமையாளர் யார் என்ற பத்தி அங்கேதான் தெளிவாகத் தெரியும். பொத்தான்களின் பெயர்களை ஆங்கிலத் திரையில் இருப்பதுபோலவே தருகிறேன்; நம்மில் பெரும்பாலோர் அப்படித்தான் வைத்திருக்கிறோம்.

1. உலாவியில் `drive.google.com` திறந்து, இடப்பக்கத்தில் `Shared with me` என்பதைச் சொடுக்குங்கள்.

2. மேலே வலப்பக்கம் உள்ள பொத்தானால் காட்சியைப் பட்டியல் வடிவத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். சின்னச் சின்னப் படங்களாக இருக்கும் காட்சியில் விவரம் எதுவும் தெரியாது.

3. நீக்க வேண்டிய கோப்பையோ கோப்புறையையோ ஒரே ஒரு முறை சொடுக்குங்கள். அது நிறம் மாறித் தேர்வாகும். இரண்டு முறை சொடுக்கினால் திறந்துவிடும். திறந்துவிட்டால் பின்னோக்கி வந்துவிடுங்கள்.

4. வலப்பக்கச் சொடுக்கில் வரும் பட்டியலில் `Remove` என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

அவ்வளவுதான். வரி மறைந்துவிடும், திரையின் அடியில் சில நொடிகள் ஒரு சிறு பட்டை தோன்றும், அதில் `Undo` இருக்கும். தவறான வரியை நீக்கிவிட்டதாகத் தோன்றினால் உடனே அதை அழுத்துங்கள். பட்டை மறைந்த பிறகு பதற வேண்டியதில்லை. வெளியில் இருந்து நீக்கினீர்கள் என்றால் உரிமையாளரின் கோப்பு அங்கேயேதான் இருக்கிறது. உங்களுக்குத் தந்த அனுமதியும் போகவில்லை. அவர் முதலில் அனுப்பிய மின்னஞ்சலில் உள்ள இணைப்பைத் திறந்தால் கோப்பு முன்போலவே திறக்கும்.

பலவற்றைச் சேர்த்து நீக்க, முதல் வரியைச் சொடுக்கி, `Shift` விசையை அழுத்திக்கொண்டு கடைசி வரியைச் சொடுக்கினால் நடுவில் உள்ளவை எல்லாம் தேர்வாகும். `Ctrl` விசையுடன் ஒவ்வொன்றாகவும் சேர்க்கலாம். `Ctrl+A` அழுத்தினால் திரையில் அதுவரை இறங்கி வந்தவை மட்டுமே தேர்வாகும். நீண்ட பட்டியலில் கீழே உருட்டிக்கொண்டு போகிறபோதுதான் மீதி வரும். எனவே ஒரு முறை நீக்கிய பிறகும் பட்டியல் அப்படியே இருப்பதுபோலத் தெரிந்தால், நீக்கம் வேலை செய்யவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். அடுத்த தொகுதி மேலே வந்திருக்கிறது.

ஒருவர் அனுப்பியதை மட்டும் பொறுக்கி எடுக்க வேண்டும் என்றால் மேலே உள்ள தேடல் கட்டத்தில் அவருடைய மின்னஞ்சல் முகவரியை இப்படித் தட்டச்சு செய்யலாம்:

```
owner:peyar@example.com
```

இது வசதியானது. ஆனால் இதில் ஒரு பொறியும் இருக்கிறது. தேடல் முடிவில் வருபவை வெளியில் கிடக்கும் கோப்புகள் மட்டுமல்ல. கோப்புறைகளுக்குள் இருப்பவையும் கலந்தே வரும். எது எங்கே இருக்கிறது என்று ஒரே பார்வையில் தெரியாது. அதனால் தேடிக் கண்டுபிடிப்பதைத் தேடலில் செய்யுங்கள். நீக்குவதை `Shared with me` பக்கத்துக்குத் திரும்பி வந்து செய்யுங்கள். எனக்கு இது ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டது.

தொலைபேசியில், டிரைவ் செயலியின் அடியில் உள்ள `Shared` பகுதிக்குப் போய், கோப்பின் பெயருக்குப் பக்கத்தில் உள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டால் பட்டியல் வரும், அதில் `Remove`. கை தவறிக் கோப்புறைக்குள் நுழைவது தொலைபேசியில் மிக எளிது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

கோப்புறைக்குள் போனால் என்ன நடக்கிறது

இனி மாமாவின் கதைக்கு வருவோம், ஏனென்றால் புதியவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். கணக்குக் கோப்புறை பொருளாளருடையது. அதைச் செயற்குழுவில் உள்ள எல்லாருக்கும் அவர் `Editor` அனுமதியுடன் பகிர்ந்திருந்தார். டிரைவில் பகிரும்போது மூன்று நிலைகள் உண்டு: `Viewer` பார்க்க மட்டும், `Commenter` கருத்து எழுத, `Editor` திருத்த. கோப்புறையில் `Editor` ஆக இருப்பவருக்குத் திருத்துவதோடு, உள்ளே இருப்பதை வெளியே எடுக்கும் அதிகாரமும் சேர்ந்தே வருகிறது. கொடுப்பவர்கள் பெரும்பாலும் இதை யோசிப்பதில்லை. "எக்செலில் ஒரு எண்ணைத் திருத்தட்டும்" என்று நினைத்துக் கொடுக்கிறார்கள்.

அந்தக் கோப்புறைக்குள் 11 கோப்புகள் இருந்தன. மாமா உள்ளே போய் `Ctrl+A` அழுத்தினார், நீக்கினார். அப்படிச் செய்ததில் 11 கோப்புகளுக்கும் ஒரே கதி நேரவில்லை என்பதுதான் கவனிக்க வேண்டியது.

எட்டு கோப்புகள் பொருளாளர் உருவாக்கியவை. அவற்றின் உரிமையாளர் அவரே. மாமாவால் அவற்றை அழிக்க முடியாது. தனிநபர் கணக்கில் இருக்கும் கோப்பை அதன் உரிமையாளர் மட்டுமே குப்பைக்கு அனுப்ப முடியும். மாமாவின் கட்டளை அவற்றைக் கோப்புறையிலிருந்து பிரித்து எடுத்தது, அவ்வளவே. பிரிந்தவை பொருளாளரின் `My Drive` பகுதியில், எந்தக் கோப்புறைக்குள்ளும் சேராமல், மேல்தட்டில் வந்து விழுந்தன.

இரண்டு கோப்புகள் தணிக்கையாளர் உருவாக்கி அந்தக் கோப்புறையில் வைத்தவை. கோப்புறை பொருளாளருடையது என்பதால் உள்ளே உள்ளதெல்லாம் அவருடையது ஆகிவிடாது, உருவாக்கியவரே உரிமையாளர். ஆகவே அந்த இரண்டும் தணிக்கையாளரின் `My Drive` பகுதிக்குப் போய்விட்டன. அவருக்கு இந்த விஷயமே தெரியாது.

மீதி ஒன்று, தண்ணீர் லாரி ரசீதுகளின் பட்டியல். அதை உருவாக்கியவர் மாமாவேதான். போன கோடையில் கோப்புறைக்குள் நின்றபடி `New` அழுத்தி உருவாக்கி, பிறகு மறந்தும் போனார். அதற்கு அவரே உரிமையாளர் என்பதால், அது நேராக அவருடைய குப்பைத் தொட்டிக்குப் போனது. பதினொன்றில் உண்மையாகவே அழிவின் வாசலில் நின்றது இந்த ஒன்றுதான். டிரைவின் குப்பைத் தொட்டியில் கிடப்பது 30 நாளில் தானாகவே நிரந்தரமாக நீக்கப்படும். 2020 அக்டோபரிலிருந்து அந்த விதி நடப்பில் இருக்கிறது. அதற்கு முன் நாமாகக் காலி செய்கிற வரை கிடக்கும்.

அப்படியென்றால் பத்து கோப்புகளும் பத்திரமாக இருக்கின்றனவே, பிறகு ஏன் பொருளாளர் பதறினார்? காரணம், செயற்குழுவினர் அந்தக் கோப்புகளைப் பார்த்தது கோப்புறைக்குக் கொடுத்த அனுமதியின் வழியாக. கோப்பு கோப்புறையை விட்டுப் போனதும் அந்த வழியாக வந்த அனுமதியும் அறுந்துவிடுகிறது. கோப்பு உரிமையாளரிடம் இருக்கிறது, ஆனால் அவரைத் தவிர யாராலும் திறக்க முடியாது. மாமாவாலும்தான். அடுத்த வாரம் பொதுக்குழு. கணக்கை எல்லாரும் பார்க்க வேண்டிய நேரம்.

சரிசெய்தது எப்படி என்றும் சொல்லிவிடுகிறேன். நீக்கிய உடனே கவனித்திருந்தால் `Ctrl+Z` போதும், அல்லது அடியில் வந்த `Undo`. அது கைநழுவிவிட்டது. பொருளாளர் தம் `My Drive` பக்கத்தில் தேடினார். எட்டு கோப்புகளும் அங்கேயே இருந்தன. பிடித்து இழுத்துப் பழைய கோப்புறைக்குள் போட்டார். தணிக்கையாளருக்குத் தொலைபேசியில் சொல்லி, அவருடைய இரண்டையும் அவரையே திரும்ப வைக்கச் சொன்னோம். மாமா தம் குப்பைத் தொட்டியைத் திறந்து ரசீதுப் பட்டியலை `Restore` செய்தார். கோப்புகள் கோப்புறைக்குத் திரும்பியதும் எல்லாருக்கும் பழைய அனுமதியும் திரும்பிவிட்டது. வாட்ஸாப் குழுவில் முன்பு அனுப்பிய இணைப்புகளும் மாறவில்லை. கோப்பின் முகவரி அது கிடக்கும் இடத்தைப் பொறுத்தது அல்ல. மொத்தம் முக்கால் மணி நேர வேலை, அதில் அரை மணி தணிக்கையாளரை அழைப்பில் பிடிப்பதற்கு.

உரிமையாளருக்குத் தம் கோப்பு எங்கே விழுந்தது என்று தெரியவில்லை என்றால் தேடல் கட்டத்தில் இதைத் தட்டச்சு செய்து பார்க்கலாம். எந்தக் கோப்புறையிலும் சேராமல் அனாதையாகக் கிடக்கும் அவருடைய கோப்புகளைக் காட்டும். பழைய கோப்புகளுக்கு இது பெரிதும் உதவும்:

```
is:unorganized owner:me
```

அழுத்துவதற்கு முன் இரண்டு பார்வை

மாமாவுக்கு நான் எழுதிக் கொடுத்த சீட்டில் இரண்டே வரிகள். முதலாவது, திரையின் மேலே பாருங்கள். தலைப்பில் `Shared with me` என்று மட்டும் இருந்தால் நீங்கள் வெளியில் நிற்கிறீர்கள். அதற்குப் பின்னால் ஒரு அம்புக்குறியும் கோப்புறையின் பெயரும் இருந்தால் உள்ளே நிற்கிறீர்கள். அங்கே எதையும் நீக்காதீர்கள்.

இரண்டாவது, `Owner` என்ற பத்தியைப் பாருங்கள். அதில் வேறொருவர் பெயர் இருக்க வேண்டும். `me` என்று இருந்தால் அது உங்கள் கோப்பு; நீக்கினால் குப்பைக்குப் போகும், நீங்கள் யார் யாருடன் அதைப் பகிர்ந்திருக்கிறீர்களோ அவர்கள் எல்லாருக்கும் 30 நாளில் இல்லாமல் போகும். பத்தி தெரியவில்லை என்றால் கோப்பைத் தேர்ந்தெடுத்து, வட்டத்துக்குள் `i` போட்ட பொத்தானை அழுத்துங்கள். வலப்பக்கம் விரியும் பலகையில் `Details` பகுதியில் உரிமையாளர் பெயர் இருக்கும். பக்கத்தில் உள்ள `Activity` பகுதியில் யார் எதை எப்போது செய்தார்கள் என்ற குறிப்பும் இருக்கும். கோப்புறை காலியானபோது பொருளாளருக்கு மாமாவின் பெயர் தெரியவந்தது அங்கிருந்துதான்.

இன்னொரு அறிகுறியும் உண்டு. உள்ளே நின்று நீக்கும்போது `Remove` என்ற இடத்தில் சில சமயம் `Move to trash` என்று இருக்கும். அழுத்தினால் பிறரும் இந்தக் கோப்பை இழக்கலாம் என்ற பொருளில் ஒரு எச்சரிக்கைப் பெட்டி வரும். எச்சரிக்கைப் பெட்டிகளைப் படிக்காமல் சரி என்று அழுத்துவது நம் எல்லாருக்கும் வழக்கம். நீக்கும் வேலையில் மட்டும் அந்தப் பெட்டியைப் படித்துவிடுங்கள். வெளியில் நின்று உங்கள் வரியை நீக்கும்போது பிறரைப் பற்றிய பேச்சே வராது.

நீக்கிய பிறகு சந்தேகம் வந்தால் சோதிக்க ஒரு வழி: பழைய மின்னஞ்சலிலோ வாட்ஸாப்பிலோ உள்ள இணைப்பைத் திறந்து பாருங்கள். கோப்பு திறந்தால் நீங்கள் நீக்கியது உங்கள் வரியை மட்டும்தான். `You need access` என்று வந்தால், பெரும்பாலும் கோப்புறையிலிருந்து பிரித்துவிட்டீர்கள் என்று பொருள். உரிமையாளரிடம் உடனே சொல்லிவிடுங்கள். இந்தச் சோதனையில் ஒரு சிரிப்பான பக்கம் உண்டு. திறந்து பார்த்த கோப்பு உங்கள் பட்டியலில் மறுபடி வந்து உட்காரலாம். அப்படி வந்தால் திரும்பவும் நீக்க வேண்டியதுதான்.

குறுக்குவழியின் மயக்கம்

பலர் பகிர்ந்த கோப்புறையை எளிதில் எடுக்க `Add shortcut` மூலம் தம் `My Drive` பகுதியில் ஒரு குறுக்குவழி வைத்திருப்பார்கள். அதன் படத்தின் ஓரத்தில் சிறிய வளைந்த அம்பு இருக்கும். இந்தக் குறுக்குவழியைத் தயங்காமல் நீக்கலாம். அது உங்களுடையது, குப்பைக்குப் போவதும் அந்த அம்பு போட்ட சீட்டு மட்டுமே. மூலக் கோப்புறை அசையாது.

ஆனால் அந்தக் குறுக்குவழியைத் திறந்து உள்ளே போய்விட்டால் நீங்கள் நிற்பது உங்கள் வீட்டில் அல்ல, பிறருடைய கோப்புறையில். திரையில் எல்லாம் உங்கள் `My Drive` போலவே தோன்றும், அதுதான் மயக்கம். கணினியில் டிரைவ் செயலியை நிறுவி, டிரைவைச் சாதாரண விண்டோஸ் கோப்புறைபோலப் பயன்படுத்துகிறவர்களுக்கு இது இன்னும் ஆபத்து. அங்கே `Shared with me` பட்டியல் காட்டப்படாது. குறுக்குவழிகள் மட்டுமே தெரியும். ஒன்றைத் திறந்து உள்ளே `Delete` விசையைத் தட்டினால் அது உங்கள் கணினியில் மட்டும் நடக்கும் வேலை அல்ல. மூலக் கோப்புறையிலேயே நடக்கும். "என் கம்ப்யூட்டரிலிருந்துதானே அழித்தேன்" என்று சொல்பவர்கள் எல்லாரும் இந்த வழியாக வந்தவர்கள்.

அறியாதவர் அனுப்பியவை

சிலருடைய பட்டியலில் முன்பின் தெரியாதவர்கள் பகிர்ந்த கோப்புகள் வந்துகொண்டே இருக்கும்: பரிசு விழுந்தது, கடன் தயார் என்ற வகை. இவற்றைத் திறக்காமலேயே நீக்குங்கள். ஆனால் `Remove` உங்கள் வரியை மட்டுமே எடுக்கும்; அனுப்பியவர் நாளைக்கு இன்னொன்று அனுப்புவதைத் தடுக்காது. அதற்கு, கோப்பின் மேல் வலப்பக்கச் சொடுக்கு செய்து, `Block` என்ற சொல்லுடன் அவருடைய முகவரி வரும் வரியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கூகுள் இந்த வசதியை 2021-இல் கொண்டுவந்தது. தடுத்த பிறகு அவர் உங்களுடன் எதையும் பகிர முடியாது. முன்பு அவர் பகிர்ந்தவையும் உங்கள் பக்கத்திலிருந்து போய்விடும்.

தடுப்பது இருபக்கமும் வெட்டும் கத்தி. நீங்கள் அவருடன் பகிர்ந்தவற்றையும் அவர் பார்க்க முடியாது. சித்தப்பா மகன் தினமும் ஒரு படக் கோப்புறை அனுப்புகிறானே என்று எரிச்சலில் தடுத்துவிட்டால், நீங்கள் அவனுக்குக் கொடுத்த குடும்ப ஆவணங்களும் அவனுக்குத் திறக்காது. அலுவலகக் கணக்கில் இருப்பவர்கள் ஒரே நிறுவனத்தில் உள்ள சக ஊழியரை இப்படித் தடுக்கவும் இயலாது.

வேண்டாத ஒன்றை நீக்கும் முன் எதற்கும் ஒரு பிரதி இருக்கட்டும் என்று தோன்றினால், கோப்பின் மேல் வலப்பக்கச் சொடுக்கில் `Make a copy` உண்டு. உருவாகும் பிரதி உங்களுடையது. உங்கள் 15 ஜிபியிலிருந்துதான் இடம் எடுக்கும். முழுக் கோப்புறைக்கு உலாவியில் இந்த வசதி இல்லை. கோப்புறையைப் பதிவிறக்கினால் ஒரு ஜிப் கோப்பாகக் கணினிக்கு வரும்.

இந்த விதி செல்லாத இடங்கள்

மேலே சொன்ன ஆறுதல், அதாவது உரிமையாளரைத் தவிர யாராலும் கோப்பைக் குப்பைக்கு அனுப்ப முடியாது என்பது, தனிநபர் டிரைவுக்கு மட்டும் பொருந்தும். பள்ளி, கல்லூரி, அலுவலகக் கணக்குகளில் இடப்பக்கம் `Shared drives` என்று தனியாக ஒன்று இருக்கும். பெயர் கிட்டத்தட்ட ஒன்றாக இருப்பதால் குழப்பம் வரும். அங்கே கோப்புகளுக்குத் தனி உரிமையாளர் கிடையாது, நிறுவனமே உரிமையாளர். `Content manager` என்ற நிலையில் இருப்பவர் `Move to trash` அழுத்தினால் அது எல்லாருக்கும் சேர்த்துக் குப்பைக்குப் போகும். 30 நாளுக்குள் அந்த டிரைவுக்கே உரிய குப்பைத் தொட்டியிலிருந்து எடுக்கலாம். உங்கள் பக்கம் மட்டும் நீக்குவது என்ற ஒன்று அங்கே இல்லை. எனவே எதுவும் செய்யாமல் விடுவதே சரி.

வேறு சேவைகளிலும் வெளியில் ஒன்று, உள்ளே ஒன்று என்ற வித்தியாசம் உண்டு. ஒன்டிரைவில் `Shared` பகுதியிலிருந்து பட்டியலில் உள்ள வரியை எடுக்கலாம். ஆனால் திருத்தும் அனுமதியுள்ள கோப்புறைக்குள் போய் அழித்தால் அது உண்மையாகவே அழியும், உரிமையாளரின் மீள்சுழற்சித் தொட்டியில்தான் தேட வேண்டும். டிராப்பாக்ஸ் இன்னும் கண்டிப்பு. பகிர்ந்த கோப்புறைக்குள் ஒரு கோப்பை அழித்தால் உறுப்பினர் எல்லாருக்கும் போய்விடும். நீங்கள் மட்டும் விலக வேண்டும் என்றால் கோப்புறையின் பகிர்வு அமைப்புகளுக்குப் போய் அதை விட்டு வெளியேறும் வழியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். டிராப்பாக்ஸில் பிறருடைய பகிர்ந்த கோப்புறை உங்கள் இடத்தையும் எடுத்துக்கொள்ளும் என்பதால், அங்கே விலகுவதால் இடமும் மிச்சமாகும்.

மாமாவின் கோப்புறைக்கு வருவோம். பொதுக்குழு முடிந்ததும் பொருளாளர், போன ஆண்டுக் கணக்கில் இனி யாரும் திருத்த வேண்டியது இல்லை என்று செயற்குழு முழுவதையும் `Viewer` ஆக்கிவிட்டார். பகிர்வுப் பெட்டியில் ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் உள்ள `Editor` என்பதை மாற்றினால் போதும். நடப்பு ஆண்டுக் கோப்புறையில் மட்டும் இரண்டு பேருக்குத் திருத்தும் அனுமதி. அந்த இருவரில் தாமும் ஒருவராக இருக்க வேண்டுமா என்று மாமா ஒரு நாள் முழுக்க யோசித்தார். பிறகு, "எனக்குப் பார்த்தால் போதும்" என்று சொல்லிவிட்டார்.